அடுப்பு பற்றிக்கொண்டால் போதுமா?

ஜப்பானில் வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர் பெரும்பாலும் அடுப்பைத் தாமே வாங்கி வைக்க வேண்டும். பழைய பொருள் கடையில் இரண்டு பர்னர் கொண்ட மேசை அடுப்பு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. கூடவே கசங்கிய கையேடு ஒன்று, முழுக்க ஜப்பானிய மொழியில். படங்கள் நிறைந்த ஒரு பக்கத்தை மட்டும் கைபேசியில் எடுத்து, மொழி தெரிந்த நண்பருக்கு ‘இதை எப்படி மாட்டுவது?’ என்று அனுப்புகிறார். மாட்டும் முறை படத்திலேயே இருக்கிறது, முன்னால் உள்ள எச்சரிக்கைப் பக்கங்கள் நிறுவனம் வழக்கிலிருந்து தப்பிக்க எழுதி வைத்தவை என்ற நம்பிக்கைதான் அந்த ஒற்றைப் படத்துக்குக் காரணம். பலரும் நம்புகிற இந்த எண்ணம் தவறானது. எரிவாயு அடுப்பில் இது ஆளைக் கொல்லும் தவறு.

நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. ஜப்பானில் 1995 ஜூலையில் பொருள் உற்பத்தியாளர் பொறுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழுதான பொருளால் ஒருவர் பாதிக்கப்பட்டால் தயாரித்தவர் ஈடு கொடுக்க வேண்டும். போதிய எச்சரிக்கை தராததும் குறையாகக் கருதப்படலாம். ஆகவே கையேடுகளில் வெறும் பொதுப்புத்தியே சொல்லித்தரும் விஷயங்களும் இடம்பெறுகின்றன. எரியும் அடுப்பின் மேல் துணி உலர்த்தக்கூடாது என்பதை அச்சிட்டுச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று கேட்பவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதே பட்டியலில், அதே எழுத்தளவில், எந்தப் பொதுப்புத்தியாலும் ஊகிக்க முடியாத ஒரு வரியும் இருக்கிறது. அடுப்பின் தகட்டில் குறித்த வாயுவைத் தவிர வேறு வாயுவில் அதை எரிக்கக்கூடாது என்பதே அந்த வரி. அது மாட்டும் வேலையின் முதல் படி. எச்சரிக்கை என்ற தலைப்பின்கீழ் அச்சானதால் படியாகத் தெரிவதில்லை.

படங்கள் உள்ள பக்கத்தில் என்ன இருக்கும்? பர்னர் மூடியைச் சரியான திசையில் வைப்பது, பாத்திரம் தாங்கும் கம்பியை அமர்த்துவது, தீப்பொறிக்கான இரண்டு பெரிய பேட்டரிகளைப் போடுவது, ரப்பர் குழாயைச் செருகுவது. நான்கையும் ஒரு சொல்கூடப் படிக்காமல் செய்துவிடலாம். நண்பரும் படத்தைப் பார்த்து அப்படியே விளக்குவார். குமிழைத் திருப்பினால் அடுப்பு பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டதால் மாட்டியது சரி என்று இருவரும் முடிவு செய்வார்கள். தவறு நிலைபெறுவது அந்த இடத்தில்தான்.

ஜப்பானிய வீடுகளுக்கு இரண்டு வகை எரிவாயு வருகிறது. பெருநகரங்களில் தெருவுக்கு அடியில் குழாய் வழியே வருவது நகர வாயு. பெரும்பாலும் மீத்தேன், அதன் வகைப்பெயர் 13ஏ. புறநகர்களிலும் சிற்றூர்களிலும் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சிலிண்டரிலிருந்து வருவது எல்பி வாயு, பெரும்பாலும் புரோப்பேன். இந்தியாவிலிருந்து போனவருக்கு வீட்டு அடுப்பு என்றால் சிலிண்டர் அடுப்புதான் நினைவுக்கு வரும். அடுப்பிலும் சாதி இருக்கிறது என்று எண்ண அவருக்குக் காரணமில்லை. ஒரே நிறுவனம் ஒரே மாதிரியை இரண்டு வாயுவுக்கும் தனித்தனியாகச் செய்து விற்கிறது. குமிழ், நிறம், கையேடு எல்லாம் ஒன்றே. வேறுபடுவது உள்ளே வாயு பீறிடும் நாசிலின் துளை அளவு.

ஒரு கன மீட்டர் எல்பி வாயுவில் நகர வாயுவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் இருக்கிறது; வரும் அழுத்தமும் சற்று அதிகம். அதனால் எல்பி அடுப்பின் துளை சிறியது, நகர வாயு அடுப்பின் துளை பெரியது. மீத்தேன் முழுதாக எரிய அதன் கொள்ளளவைப்போல் ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு காற்று போதும். புரோப்பேனுக்கு 24 மடங்கு வேண்டும். நகர வாயு அடுப்பைச் சிலிண்டர் வீட்டில் மாட்டினால் பெரிய துளை வழியே செறிந்த வாயு கொட்டும், காற்று போதாது. நீலமாக நிற்க வேண்டிய சுடர் மஞ்சளாக நீண்டு பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டும், அடியில் கரி படியும், கண் எரியும். அரைகுறையாக எரிவதில் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு மணம் கிடையாது. குளிர்காலத்தில் சன்னலை அடைத்துக்கொண்டு சமைப்பவருக்குத் தலைவலியும் தளர்ச்சியும் வரும். அதைச் சளி என்று நினைத்துப் படுத்துவிடுவார். மாறாக எல்பி அடுப்பை நகர வாயுவில் மாட்டினால் சுடர் குறுகி எரியும், காற்று அடித்தால் அணையும். சோறு வேகத் தாமதமாவது மட்டுமல்ல, அணைந்த பர்னரிலிருந்து எரியாத வாயு வெளியேறவும் கூடும்.

நவீன அடுப்பு தானே காப்பாற்றாதா என்ற கேள்வியும் எழும். 2008 அக்டோபருக்குப் பிறகு அங்கே விற்பனைக்கு வரும் வீட்டு அடுப்புகளில் சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் அமைப்பும், எண்ணெய் அளவுமீறிச் சூடானால் அணைக்கும் உணரியும் கட்டாயம். இரண்டில் எதுவும் வந்துகொண்டிருப்பது எந்த வாயு என்று பார்ப்பதில்லை. பழைய அடுப்பில் அவையும் இல்லாமல் போகலாம்.

ஒற்றைப் பக்கப் படத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. தமிழைப்போலவே ஜப்பானிய மொழியிலும் ‘கூடாது’ என்பது வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால், அல்லது பிளாஷ் வெளிச்சம் அந்த மூலையை வெளுக்கச் செய்தால், தடை போய்ச் செயல் மட்டும் மிஞ்சும். அப்போது வரியின் அருகே உள்ள குறிதான் துணை. வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் செய்யக்கூடாது. முழுக்கக் கறுத்த வட்டம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். முக்கோணம் என்றால் கவனம். குறியையும் வரியின் முடிவையும் சேர்த்துக் காட்டாத படத்துக்கு விளக்கம் சொல்லாமல் வேறு படம் கேட்பதே நண்பர் செய்ய வேண்டியது.

உண்மையில் அவர் முதலில் கேட்க வேண்டியது கையேட்டின் படமே அல்ல. அடுப்பின் பக்கவாட்டில் ஒட்டிய தகட்டின் படமும், வீட்டுக்கு வரும் வாயுவின் பெயரும் வேண்டும். தகட்டில் நகர வாயு அடுப்பானால் 12ஏ, 13ஏ என்றோ, சிலிண்டர் அடுப்பானால் எல்பி என்றோ ஆங்கில எழுத்திலேயே இருக்கும். மொழி தெரியாதவரும் படித்துவிடலாம். வீட்டின் வாயு எது என்பது குடிபோகும்போது தரும் தாள்களிலும் வாயு நிறுவனத்தின் ரசீதிலும் இருக்கும். இரண்டும் ஒத்தால்தான் குழாய்க்குப் போகலாம். அந்த வாயுவுக்கென்று விற்கும் புதிய குழாயை, செருகும் முனையில் உள்ள சிவப்புக் கோடு வரை தள்ளி, இரு முனையிலும் பிடிப்பு வளையம் போட்டு, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். குமிழி எழுந்தால் வால்வை மூடிவிட்டு, சன்னலைத் திறந்து, நிறுவனத்தை அழைக்க வேண்டும், மின்விசையைத் தொடக்கூடாது. வாயு அலாரத்தின் இடமும் வாயுவைப் பொறுத்ததே: மீத்தேன் காற்றைவிட லேசானது, ஆகவே கூரையை ஒட்டி, புரோப்பேன் கனமானது, ஆகவே தரையை ஒட்டி.

இரண்டும் ஒத்துவராவிட்டால் துளையைத் தாமே மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பக்கூடாது. அது பயிற்சி பெற்றவர் வேலை, பழைய அடுப்புக்கு உதிரி கிடைப்பதும் அரிது. அடுப்பைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவதே மலிவு. ஜப்பானில் புதுக் குடித்தனத்துக்கு வாயு திறக்க நிறுவன ஊழியர் ஒருவர் நேரில் வந்து, குடியிருப்பவர் முன்னிலையில் வால்வைத் திறந்து சோதித்துவிட்டுப் போவார். அந்த நாளுக்கு முன்பே அடுப்பை வாங்கி, மாட்டாமல் எடுத்து வைத்து, தகட்டை அவரிடம் சுட்டிக்காட்டினால் தலையசைப்பிலேயே விடை தெரிந்துவிடும்.