அந்த 180 பாகை பிழையல்ல

இலக்க வடிகட்டிகளின் கட்ட வரைபடம் பற்றி அண்மையில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. வரைபடத்தில் தெரியும் தாவல்கள் அத்தனையும் `angle` கட்டளை செய்யும் குளறுபடி என்கிறது அது. `unwrap` போட்டால் சில தாவல்கள் மறையும், மறையாதவற்றை `period=np.pi` கொடுத்து நேராக்கிவிடலாம் என்றும் வழி சொல்கிறது. நேர்கோட்டுக் கட்டம் கொண்ட வடிகட்டியில் கோடு உடையவே கூடாது என்பதுதான் கட்டுரையாளரின் வாதம். இது தவறான வாதம். மாணவர்கள் இதை நம்பி வரைந்தால், வடிகட்டி செய்யாத ஒன்றைச் செய்வதாகப் படம் காட்டும்.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணத்தையே நானும் எடுக்கிறேன்: ஐந்து மாதிரிகளைக் கூட்டி ஐந்தால் வகுக்கும் நகரும் சராசரி. வினாடிக்கு 1000 மாதிரிகள் என்று வைத்துக்கொள்வோம். இந்த வடிகட்டியின் தாமதம் 2 மாதிரி, அதாவது 2 மில்லி வினாடி. ஆகவே ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் கட்டம் 0.72 பாகை இறங்கும். 200 ஹெர்ட்ஸில் −144 பாகைக்கு வந்து, அங்கே சட்டென்று +36க்குத் தாவுகிறது. மறுபடி இறங்கி 400 ஹெர்ட்ஸில் −108ஐத் தொட்டு +72க்குத் தாவுகிறது. 500 ஹெர்ட்ஸில் பூச்சியத்தில் முடிகிறது.

இந்த எண்களைக் கட்டுரையாளர் ஒருமுறை நிதானமாகப் பார்த்திருந்தால் போதும். `angle` தரும் விடை −180க்கும் +180க்கும் இடையில் அடங்கும். அந்த எல்லையை மீறும்போதுதான் அது 360 பாகை கூட்டியோ கழித்தோ விடையை உள்ளே இழுக்கும். இங்கே கட்டம் −144க்குக் கீழே போகவே இல்லை. எல்லையைத் தொடாத கோட்டில் மடிப்பு எங்கிருந்து வரும்? இரண்டு தாவல்களும் சரியாக 180 பாகை. மடிப்பு ஒருபோதும் 180 பாகையில் வராது.

அப்படியானால் இவை எங்கிருந்து வந்தன? வடிகட்டியின் சுழிகள் நான்கும் அலகு வட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. 200 ஹெர்ட்ஸுக்கு உரிய சுழி வட்டத்தில் 72 பாகையில் இருக்கிறது. அதிர்வெண்ணைக் கூட்டக் கூட்ட, நாம் அளக்கும் புள்ளி வட்டத்தின் மேல் இடஞ்சுழியாக நகர்கிறது. சுழியிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஓர் அம்பு வரைந்தால், அம்பின் நீளம் வீச்சுக்கும் அதன் திசை கட்டத்துக்கும் பங்களிக்கிறது. புள்ளி சுழியை நெருங்கும்போது அம்பு வந்த வழியைப் பார்த்து நிற்கிறது, அதாவது சுமார் −18 பாகை. அது குறுகிக் குறுகிச் சுழியின் மேல் நீளமே இல்லாமல் போகிறது. புள்ளி சுழியைக் கடந்ததும் போகும் வழியைப் பார்த்து, 162 பாகையில் மறுபடி முளைக்கிறது. நடுவில் எந்தத் திசையையும் அது கடக்கவில்லை. பூச்சியத்தின் வழியே போய்த் தலைகீழாகிவிட்டது. வீச்சின் குறி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். `abs` குறியைத் தூக்கி எறிந்துவிடுவதால், அந்தக் குறி கட்டப் படத்தில் 180 பாகையாக வந்து நிற்கிறது.

சுழியைச் சற்றே உள்ளே தள்ளி ஆரம் 0.99 ஆக்கினால் அம்பு முழுக்கக் குறுகாது. விரைவாக ஆனால் தொடர்ச்சியாக ஏறுமுகத்தில் திரும்பும். சுழிக்கு இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 3 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் 90 பாகை திரும்பிவிடும். வெளியே, 1.01க்குத் தள்ளினால் அதே திருப்பம் இறங்குமுகத்தில் நடக்கும். சரியாக வட்டத்தின் மேல் இருக்கும் சுழிக்கு +180, −180 இரண்டும் ஒன்றே. எனவே அளவெடுக்கும் புள்ளிகளை நெருக்கிப் பாருங்கள். தாவல் சரிவாக விரிந்தால் சுழி வட்டத்துக்கு அருகில் இருக்கிறது. எவ்வளவு நெருக்கியும் 180 ஆகவே நின்றால், அது வட்டத்தின் மேலேயே இருக்கிறது. இந்தச் சோதனை ஒரு வரிதான். கட்டுரையாளர் அதைச் செய்யவில்லை.

```python
import numpy as np
from scipy.signal import freqz
f, H = freqz(np.ones(5)/5, worN=512, fs=1000)
p = np.unwrap(np.angle(H))
q = np.unwrap(np.angle(H), period=np.pi)
```

இதில் `p` தாவல்களை அப்படியே விட்டுவிடுகிறது. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 0.98 ஹெர்ட்ஸ், அதற்குள் கட்டம் 0.7 பாகை இறங்கிவிடுவதால் தாவல் 179.3 பாகையாகத் தெரிகிறது. 180க்கு மேற்பட்ட தாவலைத்தான் `unwrap` மடிப்பு என்று கொள்ளும். ஆக, அது சரியாகவே வேலை செய்திருக்கிறது. `unwrap` தோற்றுவிட்டது என்று எழுதியது அதன் மேல் வீண்பழி. `worN=500` கொடுத்தால் ஒரு புள்ளி சரியாக 200 ஹெர்ட்ஸில் விழும். அங்கே H வெறும் துல்லியப் பிழையாக, 10⁻¹⁷ அளவில் இருக்கும்; அதன் கோணத்துக்குப் பொருளே இல்லை. அந்தக் கோணம் எந்தப் பக்கம் விழுகிறதோ அதைப் பொறுத்து, அதற்கப்பால் உள்ள கோடு முழுதும் 360 பாகை இடம் மாறலாம். `unwrap` இடறக்கூடிய உண்மையான இடம் இது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இனி அவர் பரிந்துரைக்கும் `q`. கோடு −360 பாகை வரை நேராக இறங்குகிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதை `abs(H)` படத்தின் கீழே வைத்து, 300 ஹெர்ட்ஸில் என்ன சொல்கிறது என்று படியுங்கள்: வீச்சு 0.247, தாமதம் 2 மாதிரி. அதாவது உள்ளே போகும் அலை சிறுத்து, 2 மாதிரி பிந்தி, அதே குறியோடு வெளிவரும் என்கிறது. கையால் கூட்டிப் பார்ப்போம். 300 ஹெர்ட்ஸ் கொசைன் அலையின் உச்சியை நடுவில் வைத்தால், ஐந்து மாதிரிகள் −0.809, −0.309, 1, −0.309, −0.809. கூட்டினால் −1.236, ஐந்தால் வகுத்தால் −0.247. உள்ளே மேடு, வெளியே பள்ளம். 200க்கும் 400க்கும் இடைப்பட்ட ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அலை தலைகீழாகவே வெளிவருகிறது. அவருடைய படம் அதை மறைத்துவிட்டது. சுழியில் வெளியீடே இல்லை, அங்கே கட்டம் எதுவானால் என்ன என்று அவர் கேட்கிறார். 200 ஹெர்ட்ஸ் என்ற ஒரே புள்ளிக்கு அது சரி. அதன் பின்னே வரும் 200 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு என்ன பதில்?

மடிப்பையும் தாவலையும் பிரித்தறிய அதே வடிகட்டியை இரண்டு முறை அடுக்கினால் போதும். தாமதம் 4 மாதிரி, ஹெர்ட்ஸுக்கு 1.44 பாகை இறக்கம். ஒவ்வொரு சுழியும் இரட்டையாவதால் அம்பு இருமுறை தலைகீழாகிப் பழைய திசைக்கே வருகிறது. எனவே 200, 400 ஹெர்ட்ஸில் வீச்சு பூச்சியமானாலும் கட்டத்தில் தாவலே இல்லை. மாறாக, வீச்சில் எந்த விசேஷமும் இல்லாத 125, 375 ஹெர்ட்ஸில் கோடு −180ஐத் தொட்டு 360 பாகை மேலே குதிக்கிறது. `unwrap` போட்டதும் அவை மறைந்து கோடு −720 வரை நேராக ஓடுகிறது. இவைதான் மடிப்புகள். இவற்றை நீக்குவதில் எந்தத் தகவலும் இழப்பாகாது.

அவர் வாதத்தில் நியாயமான கவலை ஒன்று உண்டு. `p`யை வகையிட்டுக் குழுத் தாமதம் கணக்கிட்டால், 200 ஹெர்ட்ஸ் இடைவெளியில் சுமார் −510 மாதிரி என்று அபத்தமான ஒரு கூர்முனை எழும். தாமதம் மட்டுமே வேண்டுமென்றால் தாவலை அகற்றிவிட்டு வகையிடுவது சரியே, ஏனெனில் குறி மாற்றம் சரிவைத் தொடாது. ஆனால் அப்படிக் கிடைத்த கோட்டை வடிகட்டியின் கட்டம் என்று பெயரிட்டு, குறி நீக்கிய வீச்சோடு சேர்த்து அச்சிடக் கூடாது. நேர்கோடுதான் வேண்டுமென்றால் மேல் படத்தில் `abs(H)` இடத்தில் sin(5ω/2) / (5 sin(ω/2)) என்ற குறியுள்ள வீச்சை வரையட்டும். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை அது அச்சுக்குக் கீழே இறங்கும், அப்போது கீழே உள்ள நேர்கோடும் உண்மையாகும். இல்லையென்றால் `p`யைத் தாவல்களோடு அப்படியே விடட்டும். இப்போது அச்சாகியிருக்கும் இணைப்படம் இந்த இரண்டில் எதுவும் அல்ல. கட்டுரையாளர் அதைத் திரும்பப் பெற வேண்டும்.