வெள்ளிக்கிழமை மேல பழியைப் போடாதீங்கோ

இறக்கக்கண்டியில் யாரிடம் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு ஆள் வராது. ஜும்ஆ இருக்கு, மதியத்துக்குள்ள வீடு திரும்பவேணும், யாரு போவான்? திங்கள் எண்டால் சனம் நெருக்கும். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் உண்மையிலேயே எண்ணிப் பார்த்தவர் யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. எங்கள் வாதம் இதுதான்: கிழமையைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், கிளினிக் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது, என்ன எழுதப்படவே இல்லை என்று பார்க்கவேண்டும்.

முதலில் பதிவேடு. பிரஷர், சீனி வருத்தக்காரர் மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போவார்கள். அடுத்த திகதி எங்கே எழுதப்படுகிறது? பெரும்பாலும் நோயாளியின் கிளினிக் கொப்பியில். அந்தக் கொப்பி அவரோடேயே வீட்டுக்குப் போய்விடும். ஆஸ்பத்திரியில் இருக்கிற பதிவேட்டில் அன்றைக்கு வந்தவர்களின் பெயர்தான் ஏறும். அதாவது வந்தவருக்கு ஒரு வரி உண்டு, வராதவருக்கு வரியே இல்லை. இப்படிப்பட்ட பதிவேட்டை வைத்து "வெள்ளிக்கிழமை எத்தனை வீதம் பேர் வரவில்லை" என்று கணக்குப் போட முடியாது. வீதம் என்றால் கீழே ஒரு எண் வேண்டும், எத்தனை பேர் வரவேண்டியிருந்தது என்ற எண். அது பல வீடுகளின் அலுமாரிகளில் கொப்பி கொப்பியாகக் கிடக்கிறது.

சரி, அந்த எண்ணும் இருக்கிற ஒரு பதிவேட்டை எடுத்துப் பார்ப்போம். பிரேசிலின் விட்டோரியா நகரத்து அரச சுகாதார நிலையங்களின் 2016ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று பொதுவெளியில் கிடைக்கிறது. மொத்தம் 1,10,527 சந்திப்புகள். தரவு படிக்கிற பிள்ளைகள் உலகம் முழுக்க இதைத்தான் தோண்டுவார்கள். அதில் `No-show` என்று ஒரு நிரல் இருக்கிறது. `No` என்றால் வரவில்லை என்று நினைத்துவிடுவோம். இல்லை, `No` என்றால் வந்துவிட்டார். `Yes` தான் வராதவர். இதைத் தலைகீழாக வாசித்தால் நூற்றுக்கு 80 பேர் வரவில்லை என்று ஒரு பயங்கரமான முடிவு வரும்.

சரியாக வாசித்தால் கிழமை வாரியாக இப்படி வருகிறது. திங்கள் 20.6 வீதம் பேர் வரவில்லை. செவ்வாய் 20.1, புதன் 19.7, வியாழன் 19.4, வெள்ளி 21.2. வெள்ளிதான் வேலைநாட்களில் மோசம், ஊர்ப்பேச்சு சரி என்று சிலர் துள்ளலாம். ஆனால் வியாழனுக்கும் வெள்ளிக்கும் வித்தியாசம் 2 வீதத்துக்கும் குறைவு. நூறு பேருக்கு இரண்டு பேர்கூட இல்லை. சனிக்கிழமை 23 வீதம் என்று வரும், அது இன்னும் மோசமாகத் தெரியும். ஆனால் சனிக்கிழமைச் சந்திப்புகள் மொத்தமே 39. வராதவர் 9 பேர். அதில் இரண்டு பேருக்கு பஸ் கிடைத்திருந்தால் சனிதான் வாரத்திலேயே நல்ல நாளாகியிருக்கும்.

எங்கள் பக்கத்துச் சின்னக் கிளினிக்குகளுக்கு இந்த 39 தான் பாடம். ஒரு நாளைக்கு 30 பேர் வரவேண்டிய கிளினிக்கில் உண்மையான வராமை ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கோ. சராசரியாக 6 பேர் வரமாட்டார்கள். ஆனால் ஒரு வாரம் 3, இன்னொரு வாரம் 9 என்று வருவது வெறும் தற்செயலாகவே நடக்கும். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை 9 பேர் வராததைப் பார்த்துவிட்டு ஒரு ஊரின் குணத்தைச் சொல்லக்கூடாது.

அப்படியென்றால் வராமையை எது தீர்மானிக்கிறது? அதே விட்டோரியாப் பதிவில் விடை இருக்கிறது. அன்றைக்கே திகதி எடுத்து அன்றைக்கே காட்டியவர்களில் வராதவர் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. முன்கூட்டியே திகதி எடுத்தவர்களில் 28 பேருக்கும் மேல். கிழமைக்குக் கிழமை இருந்த 2 வீத வித்தியாசத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. இடைவெளி நீள நீள மனிதர் மறக்கிறார், வருத்தம் குறைகிறது, வேறு வேலை வந்து நிற்கிறது.

இதே பதிவில் இன்னொரு பொறியும் இருக்கு. நினைவூட்டல் எஸ்எம்எஸ் கிடைத்தவர்களில் 27.6 வீதம் பேர் வரவில்லை, கிடைக்காதவர்களில் 16.7 வீதம்தான். எஸ்எம்எஸ் அனுப்பினால் சனம் வராது என்று சொல்லிவிடலாமா? அன்றைக்கே வந்தவருக்கு யாரும் எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை, அவர்கள்தான் கட்டாயம் வருகிறவர்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு மிச்சப்பேரைப் பார்த்தால் எஸ்எம்எஸ் கிடைக்காதவர்களின் வராமை 29 வீதத்துக்கு ஏறிவிடுகிறது. இப்போது எஸ்எம்எஸ் கிடைத்தவர்தான் கொஞ்சம் நல்லவர்.

கிழமை விடயத்திலும் இதே பொறிதான். எங்கள் ஆஸ்பத்திரிகளில் கிழமை என்பது வெறும் கிழமை இல்லை. ஒரு கிழமை பிரஷர், சீனி கிளினிக், இன்னொரு கிழமை கர்ப்பிணித் தாய்மார் கிளினிக், இன்னொரு கிழமை பிள்ளைகளுக்கு ஊசி. புதன்கிழமை வராமை குறைவு என்று அட்டவணை காட்டினால், புதன் நல்ல நாளா, அல்லது புதன்கிழமை தாய்மார் கிளினிக்கா? தாய்மார் பொதுவாகத் தவறாமல் வருவார்கள், குடும்பநல மாது வீடு தேடியும் வருவார். மாத்திரை முடியாத பிரஷர்காரர் "அடுத்த கிழமை போவம்" என்று இருந்துவிடுவார். வெள்ளியையும் புதனையும் ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு நாங்கள் ஒப்பிடுவது ஒரு தாத்தாவையும் ஒரு கர்ப்பிணியையும்.

அடுத்தது விடுமுறை. 2025இல் திங்கட்கிழமைகளை மட்டும் எண்ணினோம். ஜனவரி 13 போயா, மார்ச் 31 நோன்புப் பெருநாள், ஏப்ரல் 14 புத்தாண்டு, மே 12 வெசாக், ஒக்டோபர் 6 போயா, ஒக்டோபர் 20 தீபாவளி. ஆறு திங்கள் போச்சு. புதனில் போனது மூன்று. விடுமுறையில் கிளினிக் வழமையாக நடக்காது. அந்தத் திங்கட்காரர் எங்கே போவார்? சிலர் அடுத்த திங்கள் வருவார், சிலர் இடையில் ஒரு நாள் வந்து "மிஸ், மருந்து மட்டும் தாங்கோ" என்பார். அட்டவணையில் அவர் திங்களுக்கு வராதவர், புதனுக்குத் திகதியில்லாமல் வந்தவர். ஒரே ஆள் இரண்டு இடத்தில் கணக்கைக் கெடுக்கிறார். அடுத்த திங்கள் இரண்டு வாரத்துச் சனம் ஒன்றாக நிற்கும். திங்கட்கிழமை நெருக்கம் என்ற பேச்சின் ஒரு பங்கு கலண்டரில் இருக்கிறது, சனத்தில் இல்லை.

இனிக் காத்திருப்பு. இதுதான் எங்களுக்குக் கோபம் வருகிற இடம். உதாரணத்துக்கு 60 பேர், ஒரு டொக்டர், ஒருவருக்கு 4 நிமிடம், 8 மணிக்கு ஆரம்பம் என்று வைப்போம். எல்லாரையும் "காலமை 8 மணிக்கு வாங்கோ" என்று சொன்னால், கடைசி ஆள் உள்ளே போக 11.56 ஆகும். சராசரிக் காத்திருப்பு 118 நிமிடம். அதே 60 பேரை மணிக்கு 15 பேராகப் பிரித்து 8, 9, 10, 11 என்று வரச்சொன்னால் சராசரி 28 நிமிடம். டொக்டருக்கு ஒரு நிமிடம்கூடக் கூடுதல் வேலை இல்லை. 1952இலேயே இங்கிலாந்தில் வெல்ச், பெய்லி என்ற இருவர் லான்செட் இதழில் இந்தப் பிரச்சினையை எழுதிவிட்டார்கள். ஆரம்பத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, பிறகு ஒருவர் பார்க்கப்படும் நேரத்துக்கு ஒருவராகக் கூப்பிடுங்கள் என்பது அவர்கள் தந்த வழி. டொக்டரும் சும்மா இருக்கமாட்டார், வாங்கிலும் கூட்டம் சேராது.

ஆனால் எங்கள் உம்மாமார், அம்மாமார் 8 மணிக்கு வருவதில்லை. 6 மணிக்கே போய்க் கொப்பியை வரிசையில் வைக்கிறார்கள். சீனி பார்க்க இரத்தம் குடுக்கிறவர் வெறும் வயித்தோட நிற்பார். அவர்களுடைய 118இல் இன்னும் 120 சேரவேண்டும். பதிவேட்டில் இது வராது, ஏனென்றால் வந்த நேரம் எழுதப்படுவதில்லை, நம்பர் கொடுத்த நேரம்தான் எழுதப்படும், அதுவும் எழுதினால். "ஏன் இவ்வளவு வெள்ளென வாறீங்கள்?" என்று அவர்களைக் கண்டிப்பதில் பிரயோசனம் இல்லை. முதலில் வந்தவருக்கு முதல் நம்பர் என்று இருக்கும்வரைக்கும் வெள்ளென வருவதுதான் புத்தி. 10 மணி என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தாலும், 10 மணிக்காரருக்கு ஒதுக்கிய நம்பர் 10 மணிவரைக்கும் இருக்கும் என்ற உறுதி இல்லாமல் ஒருவரும் நம்பமாட்டார்கள். புல்மோட்டை வீதியில் பஸ்ஸை நம்பி நிற்கிறவருக்கு இன்னும் கஷ்டம், அவருக்கு மணி அல்ல, பஸ்தான் நேரம்.

இதிலே ஒரு கசப்பான கணக்கும் இருக்கிறது. அந்த 60 பேரில் 12 பேர் வராவிட்டால், மிச்ச 48 பேரின் சராசரிக் காத்திருப்பு 118இலிருந்து 94 நிமிடத்துக்கு இறங்கும். வராதவர் வந்தவருக்கு 24 நிமிடம் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார். ஆகவே காத்திருப்பை மட்டும் அளந்து "வெள்ளிக்கிழமை கிளினிக் நல்லா நடக்குது, சனம் சீக்கிரம் போகுது" என்று ஒரு அறிக்கை எழுதினால், அது மாத்திரை முடிந்து வீட்டில் இருக்கிற 12 பேரின் மேல் எழுதப்பட்ட அறிக்கை. அந்த 12 பேரில் ஒருவர் போன முறை மூன்று மணித்தியாலம் நின்று, ஏலாமல் திரும்பிப் போனவராக இருக்கலாம். நீண்ட காத்திருப்பு அடுத்த மாத வராமையைப் பெத்துப்போடும். இரண்டையும் ஒரே ஆளின் பெயரில், மாதம் மாதமாகத் தொடர்ந்து பார்த்தால்தான் அது பிடிபடும். கிழமை வாரியாகக் கூட்டிவிட்டால் மறைந்துவிடும்.

நாங்கள் கேட்பது கம்ப்யூட்டர் கூட இல்லை. இப்போதிருக்கிற பதிவேட்டில் நாலு நிரல் கூட்டினால் போதும்: கொடுத்த திகதி, வந்த நேரம், டொக்டரிடம் போன நேரம், எந்தக் கிளினிக். அடுத்த திகதியைக் கொப்பியில் எழுதும்போது அந்தத் திகதியின் பக்கத்திலும் பெயரை எழுதிவிட்டால், அந்த நாள் முடியும்போது வெட்டப்படாமல் மிஞ்சுகிற பெயர்கள்தான் வராதவர்கள். மகன் வந்து அம்மாவின் மருந்தை எடுத்துப் போனால் அதற்கு வேறு அடையாளம் போடுங்கோ, அது வருகையும் இல்லை, வராமையும் இல்லை. விடுமுறையால் தள்ளிப்போன திகதிக்கு இன்னொரு அடையாளம். மிஸ்மாருக்கு ஏற்கெனவே எழுத்துவேலை அதிகம் என்பது தெரியும். இரண்டு நேரத்தையும் எல்லாருக்கும் எழுத ஏலாது என்றால், ஒவ்வொரு பத்தாவது ஆளுக்கும் எழுதினாலும் சராசரி கிடைக்கும். ஆனால் திகதி எல்லாருக்கும் வேணும்.

இப்படி மூன்று மாதம் எழுதினால் வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசலாம். அதிலும் ஒரு குறை இருக்கும்: கடல் அடிக்கிற மாரிகால மூன்று மாதமும், வள்ளம் போகிற மூன்று மாதமும் மீனவக் குடும்பத்துக்கு ஒன்றில்லை. மார்கழியில் எடுத்த கணக்கை ஆனிக்குப் பாவிக்க ஏலாது. அதனாலதான் ஒரு வருசம் என்று கேட்கிறோம், தை மாதம் தொடங்கினால் நல்லது.