முகத்தை மாதக்கணக்கில் பாருங்கள்



"தினமும் நாலு லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன், முகம் மட்டும் தெளியவே இல்லை சார்" என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். தாகம் தீரக் குடித்தால் போதும். அதற்கு மேல் குடிப்பது சிறுநீராகப் போகுமே தவிர முகத்தில் தங்காது. சுலபமான ஒன்றைச் செய்துவிட்டு மதுவையும் தூக்கத்தையும் சர்க்கரையையும் நாம் கண்டுகொள்வதில்லை என்பதே என் கருத்து.

இரவு மது குடித்தால் தூக்கத்தின் பின்பாதி கலையும். காலையில் கண்ணுக்குக் கீழே வீங்கும். மதியத்துக்குள் அது வடிந்துவிடுவதால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறோம். பல மாதம் தொடர்ந்தால் சிலருக்கு முகச் சிவப்பு நிலைத்துவிடும்.

சர்க்கரை இன்னும் மெதுவாக வேலை செய்யும். நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் ஆகிவிடும். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்படியே எடை ஏறி, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போனால் கழுத்தின் பின்புறமும், சிலருக்கு நெற்றியோரமும் கன்னமும் கறுத்துத் தடிக்கும். அதை அழுக்கு என்று நார் போட்டுத் தேய்க்காதீர்கள், சிவப்பழகு கிரீமும் வாங்காதீர்கள். மருத்துவரைப் பார்த்து, மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரையும் எடையும் குறைந்தால் அந்தக் கறுப்பு மெல்ல மங்கும், ஆனால் பல மாதம் ஆகும்.

தினம் கண்ணாடியில் பார்த்தால் அது தெரியாது. மாதம் ஒருமுறை, அதே ஜன்னலோரம், அதே நேரத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.