மைலேஜ் மட்டும் பார்த்தால் போதாது

“தினமும் ரொம்ப தூரம் போறீங்களா? மைலேஜைப் பாத்து வண்டி எடுங்க. சீட்டெல்லாம் ஒரு மாசத்துல பழகிடும். இல்லேன்னா ஒரு குஷன் போட்டுக்கலாம்.” கார் வாங்கப் போகிறவருக்கு முதலில் கிடைக்கிற அறிவுரை இதுதான். இதை நம்பி வாங்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவதால், இதை வரிக்கு வரி மறுக்க வேண்டியிருக்கிறது.

வேலூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்குத் தினமும் போய்வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போகவர சுமார் 200 கிலோமீட்டர். மாதம் 24 நாள் என்றால் 4,800 கிலோமீட்டர். இவர் முன்னால் இரண்டு பெட்ரோல் கார்கள்: ஒன்று லிட்டருக்கு 24, மற்றொன்று 20. முதல் வண்டிக்கு மாதம் 200 லிட்டர், இரண்டாவதற்கு 240. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் 4,000 ரூபாய். சின்னத் தொகை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே 4 கிலோமீட்டர் வித்தியாசம் 12க்கும் 16க்கும் இடையே வந்தால் மிச்சம் 100 லிட்டர். மைலேஜ் ஏற ஏற, கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரின் பண மதிப்பு குறைந்துகொண்டே போகும். ஏற்கெனவே 20 தரும் வண்டியை ஒதுக்கிவிட்டு 24க்கு ஓடுபவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அந்த 24 என்ற எண்ணும் நெடுஞ்சாலையில் பிறந்ததல்ல. இங்கே மைலேஜ் சோதனை ஆய்வகத்தில் உருளைகளின்மேல் வண்டியை ஓட்டிச் செய்யப்படுகிறது. அதன் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். நம் ஆள் ஏசி போட்டு நூறில் போகிறார். எண்பதிலிருந்து நூறுக்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். எண்பதிலேயே சீராகப் போனால், நூறு கிலோமீட்டருக்குக் கால் மணி நேரம் கூடுதலாகும். எரிபொருள் கண்கூடாக மிஞ்சும். மைலேஜ் வண்டியிலும் இதே மிச்சம் வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் எரிபொருள் செலவை, வண்டி வாங்கிய பிறகும் ஓட்டும் விதத்தால் குறைக்க முடியும். தொடைக்கு எட்டாத சீட்டைப் பிறகு நீளமாக்க முடியாது.

சீட் பழகிவிடும் என்பதுதான் இதில் மிகத் தவறான பேச்சு. பழகுவது மனம், முதுகெலும்பு அல்ல. உட்கார்ந்த உடம்பு, விநாடிக்கு நான்கு முதல் எட்டு முறை மேலும் கீழும் ஆடும் அதிர்வுக்குத்தான் அதிகமாகக் குலுங்கும். மெத்தென்ற சீட்டு அந்த வரம்பின் தொடக்கத்தில் வரும் ஆட்டத்தைத் தணிக்காமல் பெருக்கிவிடக்கூடும். ஷோரூமில் அமுக்கிப் பார்த்து “சாஃப்டா இருக்கு” என்று மகிழ்வது அதனால்தான் ஏமாற்றுகிறது. மைலேஜுக்காக டயரில் அளவுக்கு மேல் காற்றடித்தால் இந்தக் குலுக்கல் இன்னும் மோசமாகும்.

பார்க்க வேண்டியது உடம்பின் அளவு. கிளட்சை முழுதாக மிதிக்கும்போதும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். அப்படி வைத்தபின், தோள் சீட்டை விட்டு விலகாமல், மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படுகிறதா? பல வண்டிகளில் ஸ்டியரிங் மேலும் கீழும் மட்டுமே நகரும். முன்னும் பின்னும் வராது. கால் நீளமானவர் அவற்றில் காலைக் குறுக்கி உட்கார வேண்டும், இல்லையேல் கையை நீட்டி ஓட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் அது கழுத்தில் வலியாகத் தெரியும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் சீட்டின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும். ஒரு சாண் இருந்தால் தொடைக்குத் தாங்கலே இல்லை. எடை முழுவதும் இடுப்பெலும்பில் இறங்கும்.

குஷன் இதைச் சரிசெய்யுமா? தடித்த குஷன் இடுப்பைத் தூக்கும். தலை கூரையை நெருங்கும், தொடைத் தாங்கலும் குறையலாம், சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டிய இடத்திலிருந்து நழுவலாம். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கும் வண்டியில், பொருந்தாத உறை அது விரியும் வழியையே மறைத்துவிடும். கீழ்முதுகுக்கு மெல்லிய தாங்கல் ஒன்றை வைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பின்பாக்கெட் பர்ஸையும் எடுத்துவிட வேண்டும்.

டெஸ்ட் டிரைவ் என்று ஊருக்குள் ஒரு சுற்று போய்வருவது இந்த முடிவுக்கு உதவாது. நாற்பது நிமிடமாவது நெடுஞ்சாலையில் ஓட்டக் கேளுங்கள். இருபதாவது நிமிடத்துக்குள் உட்காரும் நிலையை மாற்றிக்கொண்டே இருந்தால், அந்தச் சீட்டு உங்களுக்கானதல்ல. உங்களைவிடக் குட்டையான நண்பருக்கு அதுவே அருமையாக இருக்கலாம். சீட் உயரத்தை மாற்றும் வசதியும் முன்பின் நகரும் ஸ்டியரிங்கும் பெரும்பாலும் மேல் வேரியன்ட்டில்தான் வரும். கையில் இருக்கும் பணத்துக்கு, சன்ரூஃபை விட்டுவிட்டு இவற்றைத் தரும் வண்டியைத் தேடுங்கள்.