மத்தியஸ்த சபையில் வைத்த கையெழுத்துக்கு என்ன பெறுமதி?

"மத்தியஸ்த சபையில் எழுதிக் கொடுத்துவிட்டார், இனி அவர் தப்ப முடியாது" என்று எமது ஊரில் பலர் நம்பியிருக்கிறார்கள். இன்னும் சிலர், "அது வெறும் கடதாசி, அதற்குப் போய் வேலையில்லை" என்கிறார்கள். இரண்டும் பிழை. உண்மை நடுவில் இருக்கிறது. அதைத் தெரியாமல் கையெழுத்து வைப்பதால்தான் எம்மவர்களின் பணம் கைவிட்டுப் போகிறது.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குபவைதான் மத்தியஸ்த சபைகள். சட்டம் குறித்துள்ள தொகைக்கு உட்பட்ட கடன், சொத்து, நட்டஈட்டுப் பிணக்குகளை நேராக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் சபைக்குப் போக வேண்டும். தீரவில்லை என்றால் சபை தரும் இணக்கமின்மைச் சான்றிதழோடுதான் வழக்குப் போடலாம். பள்ளி நிர்வாகத்தில் பேசி முடிக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. நல்லதுதான். ஆனால் பள்ளியின் கடிதம் இந்தச் சான்றிதழுக்கு ஈடாகாது.

சபையில் சட்டத்தரணிகள் வாதாட முடியாது. மத்தியஸ்தர்கள் தீர்ப்பும் சொல்வதில்லை. இரு தரப்பையும் பேச வைத்து, இருவரும் சம்மதித்ததை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அங்கே எழுதப்படுவது எமது சொந்த வாக்குறுதி. நீதிபதியின் கட்டளை அல்ல. நீதிமன்றமே சபைக்கு அனுப்பிய வழக்கு என்றால், இணக்கம் அந்த நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போய் அதன்படி தீர்ப்பாணை ஆகும். நாமாகப் போய் விண்ணப்பித்த பிணக்கில் அப்படி ஆவதில்லை. அந்தக் கடதாசியைக் காட்டி பிஸ்காலை அழைத்து ஒருவரின் பொருளைக் கைப்பற்ற இயலாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கடைக்காரர் ஒருவர் அயலவருக்கு 1,80,000 ரூபாய் கைமாற்றுக் கொடுக்கிறார். அயலவர் ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். பணம் வரவில்லை. சபைக்குப் போகிறார்கள். "கடனைத் தவணை முறையில் செலுத்தச் சம்மதிக்கிறேன்" என்று எழுதுகிறார்கள். சந்தோஷத்தில் கடைக்காரர் பழைய துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இரண்டு தவணை வருகிறது, மூன்றாவது வரவில்லை.

இப்போது எத்தனை ரூபாய், எந்தத் திகதி, எதில் தவறினார் என்று எதையும் அந்த வரியிலிருந்து காட்ட முடியாது. மூலத் துண்டும் கையில் இல்லை. சபையில் பேசியதைச் சாட்சியாக்கலாமா? முடியாது. அங்கே சொல்லப்படும் வார்த்தைகளை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்பதைச் சட்டம் தடுக்கிறது. மனம்விட்டுப் பேச வேண்டும் என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. ஆகவே, எழுதப்பட்டது மட்டுமே மிஞ்சும்.

அதே இணக்கத்தை இப்படி எழுதியிருக்கலாம்: "நான் 1,80,000 ரூபாய் கடன்பட்டிருப்பதை ஏற்கிறேன். மாதம் 20,000 ரூபாய் வீதம் 9 தவணைகளில், ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்கு முன் வங்கிக் கணக்கில் வைப்பிடுவேன். ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே செலுத்தப்பட வேண்டும்." இதில் கடனை ஏற்றுக்கொண்ட எழுத்து இருக்கிறது, தவறியதை வங்கிப் பதிவே சொல்லும். மூலத் துண்டைக் கடைசித் தவணை வந்த பிறகுதான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தவணை தவறினால் சும்மா இருக்கக் கூடாது. எழுத்தில் சபைக்கு அறிவிக்க வேண்டும். சபை மீண்டும் அழைத்துப் பேசும். சரிவராவிட்டால் சான்றிதழைப் பெற்று வழக்குக்குப் போகலாம். காலம் முக்கியம். எழுத்தில்லாத கடனுக்கு 3 வருடமும், எழுத்து மூலமான வாக்குறுதிக்கு 6 வருடமும்தான் வழக்கிடும் காலம். "இந்த மாதம், அடுத்த மாதம்" என்று இழுபட்டால் அந்த உரிமையே போய்விடும்.

எல்லா இணக்கங்களையும் தீர்ப்பாணை ஆக்கிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. சட்டத்தரணி இல்லாமல், அழுத்தத்தில் கையெழுத்திடும் ஏழைப் பெண்ணின் வீட்டுக்கு மறுமாதமே பிஸ்கால் வந்து நிற்பது நியாயமில்லை. ஆனால் பணப் பிணக்கில், இரு தரப்பும் அதன் விளைவை விளங்கி வெளிப்படையாகச் சம்மதித்தால், அந்த இணக்கத்தை நீதிமன்றத்தில் பதிந்து தீர்ப்பாணை பெற வழி வேண்டும். இல்லையேல், முதல் சுற்றில் சம்மதித்து இரண்டாம் சுற்றில் ஏமாற்றுபவருக்கே சட்டம் அவகாசம் கொடுக்கிறது.

அந்த மாற்றம் வரும்வரை, சபையில் கையெழுத்திடுமுன் தொகை, திகதி, தவறினால் என்ன ஆகும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களோடு பிள்ளைகள் கூடப் போய், எழுதியதை வாங்கி வாசித்துக் காட்டுங்கள்.