நேர்காணல் முகப்பில் ஊழியர் நடத்தை: மாவட்டக் கருவூல அலுவலருக்கு ஓய்வூதியர் சங்கத்தின் கோரிக்கை மனு

கடந்த செவ்வாய்க்கிழமை முற்பகல் 11.20 மணியளவில், சார்கருவூலத்தின் ஆண்டு நேர்காணல் முகப்பில் 78 வயதுக் குடும்ப ஓய்வூதியர் ஒருவரின் விரல் ரேகை, மூன்று முறை வைத்தும் கருவியில் பதியவில்லை. காது மந்தமான அவர் அடுத்து என்ன செய்வது என்று இரண்டாம் முறை கேட்டபோது, முகப்பிலிருந்த இளநிலை உதவியாளர், "காது கேக்கலன்னா துணைக்கு ஆளைக் கூட்டிட்டு வரணும், தள்ளுங்க" என்று உரக்கச் சொல்லி ஓய்வூதியப் புத்தகத்தை வீசினார். தரையில் விழுந்த புத்தகத்தை வரிசையில் பின்னால் நின்றவர் எடுத்துக் கொடுத்தார். நேர்காணல் முடியாமல், காரணம் எழுதிய சீட்டும் இல்லாமல் ஓய்வூதியர் வீடு திரும்பினார். நேரில் கண்ட இருவரின் கையொப்பமிட்ட வாக்குமூலங்கள் இணைக்கப்பட்டுள்ளன.

ஊழியரின் உள்நோக்கம் பற்றி இம்மனு எதுவும் கூறவில்லை. அது விசாரணையில் தெரியவேண்டியது. அன்று நீண்ட வரிசைக்கு ஒரே ஊழியர்தான் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அன்று மாலையே கண்காணிப்பாளர் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தார். அது நன்றியுடன் ஏற்கப்பட்டது. ஆனால் நேர்காணல் இன்னும் முடியவில்லை. முடியாவிட்டால் ஓய்வூதியம் நின்றுபோகும். வயதானவர்களுக்கு ரேகை தேய்வது இயல்பு என்பதால், இதே நிலை அடுத்தவருக்கும் வரும். எனவே சங்கம் கோருவது நடவடிக்கை.

முதலில், அன்று முற்பகல் 11 முதல் 12 மணி வரையிலான கண்காணிப்புக் கேமராப் பதிவைத் தனியே எடுத்துப் பாதுகாக்க வேண்டும். பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும் என்பதால், இதற்கு விசாரணை தொடங்கும்வரை காத்திருக்க இயலாது. அதன்பின் ஊழியரிடம் எழுத்துமூலம் விளக்கம் பெற்று, சாட்சிகளையும் விசாரித்து, குற்றச்சாட்டு உறுதியானால் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். எந்தத் தண்டனை என்பது அலுவலரின் முடிவு. இடமாற்றம் மட்டும் போதாது. அது பிரச்சினையை வேறோர் ஊர் முகப்புக்கு அனுப்புவதாகவே முடியும்.

பாதிக்கப்பட்டவரின் நேர்காணலை இந்த வாரத்திற்குள் அவர் வீட்டிலேயே நடத்தித் தர வேண்டும். இனி ரேகை பதியாதவர்களுக்கு அதே முகப்பில் கருவிழிப் பதிவோ ஆவணங்களைப் பார்த்து நேரடிச் சரிபார்ப்போ செய்ய வேண்டும். அதுவும் முடியாமல் திருப்பி அனுப்ப நேர்ந்தால், காரணமும் மீண்டும் வரவேண்டிய நாளும் எழுதி, பெயர், பதவியுடன் ஊழியர் கையொப்பமிட்ட சீட்டுத் தர வேண்டும். கையொப்பமிட்டுத் தரவேண்டியிருந்தால் "தள்ளுங்க" என்பது அவ்வளவு எளிதில் வாயில் வராது.

கேமராப் பதிவு பாதுகாக்கப்பட்ட விவரத்தை மூன்று நாட்களிலும், மற்றவற்றின் மீதான முடிவை 30 நாட்களிலும் சங்கத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்கக் கோரப்படுகிறது.