நாலும் சரிதான், முதலில் எது?

எங்கள் தெருவில் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர். ஒருத்தி பெரம்பலூரில், இரண்டு பேர் அரியலூர்ப் பக்கம். வார்டில் வெள்ளை உடையில் காலம் தள்ளியவள் என்பதால் மாதிரித் தேர்வுத் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். வந்ததும் ஒரே புலம்பல்தான்: "ஆச்சி, நான் போட்ட விடையும் சரிதானே, ஏன் தப்புன்னு போட்டிருக்காங்க?"

நியாயமான கேள்வி. நம் காலத்தில் பக்கம் பக்கமாக எழுதினோம். இப்போது நான்கு விடை கொடுத்து, மிகச் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார்கள். நான்கும் நோயாளிக்குக் கெடுதல் செய்யாதவையாகவே இருக்கும். எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வில் தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வேறு குறையும்.

ஒரு கேள்வியைப் பாருங்கள். பிரசவமாகி ஒரு மணி நேரம் ஆகிறது. கால் மணி நேரத்தில் ஒரு பேட் முழுவதும் நனைந்துவிட்டது. வயிற்றைத் தொட்டால், தொப்புள் மட்டத்தில், நடுவில், கருப்பை மெத்தென்று இருக்கிறது. செவிலியர் முதலில் என்ன செய்ய வேண்டும்? ரத்த அழுத்தம் பார்ப்பதா, டாக்டருக்குச் சொல்வதா, கருப்பையைத் தேய்த்துவிடுவதா, சிறுநீர் கழிக்க வைப்பதா?

பிள்ளைகளில் பாதிப் பேர் ரத்த அழுத்தம் என்று போடுகிறார்கள். "முதலில் கவனி, பிறகு செய்" என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கவனிக்க வேண்டியதைக் கேள்வியே கவனித்துக் கொடுத்துவிட்டது. நஞ்சு பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை நெரித்து மூடுவது கருப்பையின் தசைதான். அந்தத் தசை இறுகினால் உரித்த தேங்காய் போலக் கைக்குக் கெட்டியாகத் தெரியும். மெத்தென்று இருந்தால் குழாய்கள் திறந்திருக்கின்றன என்று அர்த்தம். ஆகவே விடை, தேய்த்துவிடுவது. ஒரு கை அடிவயிற்றில், பூப்பெலும்புக்கு மேலே தாங்கிப் பிடிக்க, மறு கை கருப்பையின் உச்சியை வட்டமாகத் தேய்க்க வேண்டும். தாங்காமல் மேலிருந்து அழுத்தினால் கருப்பையே உள்ளிருந்து வெளியாகப் புரண்டுவிடக் கூடும். தேய்த்துக்கொண்டே ஆளைக் கூப்பிடலாம், வாய் சும்மாதானே இருக்கிறது!

ரத்த அழுத்தம் இங்கே ஆளை ஏமாற்றும். நல்ல உடல்நிலையில் உள்ள இளம் தாய்க்கு ஒரு லிட்டர் வரை போன பிறகும் அழுத்தம் இறங்காமல் நிற்கலாம். நாடித் துடிப்புத்தான் முதலில் ஏறும். பட்டையைக் கட்டி, எண் நன்றாக இருக்கிறது என்று நிம்மதிப்படும் அந்த இரண்டு நிமிடமும் ரத்தம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அதே கேள்வியில் ஒரு சொல்லை மாற்றுங்கள். கருப்பை கெட்டியாக இருக்கிறது, ஆனாலும் பளீரென்ற சிவப்பில் ரத்தம் விடாமல் கசிகிறது. இப்போது தேய்ப்பது வீண். எங்கேயோ கிழிந்திருக்கிறது, தையல் போட டாக்டர் வர வேண்டும். இன்னொரு விதமாக மாற்றினால், கருப்பை கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் தொப்புளுக்கு மேலே ஏறி வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. சிறுநீர்ப்பை நிரம்பித் தள்ளுகிறது, அதைக் காலி செய்தால் போதும். தேய்ப்பது, டாக்டரைக் கூப்பிடுவது, சிறுநீர் கழிக்க வைப்பது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கு விடையாகிவிடுகிறது. இதற்காகவே இந்தக் கேள்விமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. இரவுப் பணியில் ஒரே ஒரு நர்ஸ் மட்டும் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'முதலில் எது' என்பது தாளில் மட்டும் உள்ள கேள்வி அல்ல. அவளுக்கு இருப்பது இரண்டே கை.

ஆனால் கேள்வி எழுதுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. "கருப்பை மெத்தென்று இருக்கிறது, வலப்பக்கம் ஒதுங்கியும் இருக்கிறது" என்று எழுதிவிட்டு, தேய்ப்பதையும் சிறுநீர் கழிக்க வைப்பதையும் அடுத்தடுத்துப் போடுகிறார்கள். ஒரு புத்தகத்தில் முதலாவது சரி, இன்னொன்றில் இரண்டாவது சரி. என்னைக் கேட்டால், ரத்தம் கொட்டுகிற நேரத்தில் தேய்த்து இறுக்கிவிட்டுத்தான் சிறுநீருக்குப் போவேன், இல்லாவிட்டால் காலி செய்து முடிப்பதற்குள் இன்னொரு பேட் நனையும். கசிவு குறைவாக இருந்தால் மற்றவர் சொல்வதும் சரிதான். எவ்வளவு ரத்தம் என்று கேள்வியில் சொல்லாமல் விட்டால், பிள்ளை குருட்டாம்போக்கில்தான் போட வேண்டும்.

கடையில் கிடைக்கும் வினாவங்கிகள் பலவும் விடையின் எழுத்தை மட்டும் அச்சிட்டு முடித்துவிடுகின்றன. மற்ற மூன்றும் ஏன் இப்போது வேண்டாம், எந்த அறிகுறி மாறினால் அவற்றுக்கு முறை வரும் என்று நாலு வரி போட்டால் காகிதம் கூடுதலாகும், அவ்வளவுதான். அதுவரை எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்த நாலு வரியை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் ரத்தம் ஏற்றும்போது குளிர் நடுக்கம் வந்தால் சொட்டைக் குறைப்பதா, நிறுத்துவதா என்ற கேள்வி. குறைப்பது என்றுதான் இரண்டு பேர் போட்டு வைத்திருக்கிறார்கள்.